பழைய அச்சு அட்டவணையில் இருக்கும் தமிழ் எண்களையும் பின்னக் குறிகளையும் சாதாரண எண்ணாக மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய எண்சுவடியோ, நிலக்கணக்குப் பட்டியலோ, நெல் அளவு அட்டவணையோ ஒன்று கையில் கிடைத்தால் முதலில் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: இணையத்தில் தமிழ் எண் பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உருவத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றத் தொடங்குவது. முழு எண்களுக்கு இது ஓரளவு ஓடும். பின்னங்கள் வந்ததும் நின்றுவிடும். அச்சகத்துக்கு அச்சகம் அச்செழுத்து வேறு, ஒரே பின்னத்துக்கு இரண்டு உருவம் உண்டு, போதாக்குறைக்கு ஸ்கேனில் பாதி வளைவு காணாமல் போயிருக்கும்.

அதனால் என் வழி கொஞ்சம் வேறு. உருவத்தை வைத்து ஊகம் மட்டும் செய்யுங்கள், முடிவை அட்டவணையின் கணக்கே சொல்லட்டும். அட்டவணை என்றால் அதில் பெருக்கலோ கூட்டலோ கட்டாயம் இருக்கும். அந்தக் கணக்கு சரியாக விழ வேண்டுமானால் ஒரு குறிக்கு என்ன மதிப்பு இருந்தாக வேண்டும் என்று பார்த்தால், பெரும்பாலான குறிகள் தாமாகவே மாட்டிக்கொள்ளும்.

முதலில் முழு எண்கள்

ஒன்று முதல் ஒன்பது வரை ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯. இதோடு பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள். பழைய முறையில் சுழியம் இல்லை, இடமதிப்பும் இல்லை. பேச்சில் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே எழுத்திலும் வரும். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து என்றால் ௨௲௩௱௪௰௫. வாசிக்கும் விதி ஒன்றே ஒன்றுதான்: சிறிய எண் பெரிய குறிக்கு முன்னால் நின்றால் பெருக்கல், பின்னால் நின்றால் கூட்டல். ௪௰ என்றால் நாற்பது, ௰௪ என்றால் பதினான்கு. ஒரு நூறு, ஓர் ஆயிரம் என்னும்போது முன்னால் ௧ போடுவதில்லை, வெறும் ௱, வெறும் ௲ போதும். பத்தாயிரத்தை ௰௲ என்றும் லட்சத்தை ௱௲ என்றும் எழுதுவார்கள்.

இதற்கு நடுவில் ஒரு சிக்கல். அச்சுக் காலத்தில் இடமதிப்பு முறையும் பழக்கத்துக்கு வந்துவிட்டது. ௧௯௦௨ என்றாலும் 1902, ௲௯௱௨ என்றாலும் 1902. ஒரே புத்தகத்திலேயே முகப்பில் ஒரு முறை, உள்ளே அட்டவணையில் இன்னொரு முறை இருக்கலாம். ஆகவே எந்த எண்ணையும் தொடுவதற்கு முன்னால் பக்கத்தில் ௰, ௱, ௲ இருக்கிறதா, அல்லது சுழியம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பக்க எண்ணைப் பாருங்கள். பதினொன்றாம் பக்கம் ௰௧ என்றிருந்தால் பழைய முறை, ௧௧ என்றிருந்தால் இடமதிப்பு. பக்க எண்ணுக்கு விடை உங்களுக்கு முன்பே தெரியும் என்பதால், அந்த அச்சகத்தின் எண் உருவங்கள் அத்தனையையும் அங்கிருந்தே பழகிக்கொள்ளலாம். இதைப் பலர் செய்வதே இல்லை, ஏனென்று தெரியவில்லை. நேராக அட்டவணைக்குப் போய் முட்டிக்கொள்கிறார்கள்.

எது எதோடு குழம்பும்

தமிழ் எண்கள் பெரும்பாலும் தமிழ் எழுத்துகளின் சாயலிலேயே இருக்கும். ௧ என்பது க, ௨ என்பது உ, ௪ என்பது ச, ௬ என்பது சு, ௭ என்பது எ, ௮ என்பது அ, ௯ என்பது கூ, ௰ என்பது ய போல இருக்கும். ௫ கிட்டத்தட்ட ரு. ௩ கொஞ்சம் ங சாயல்.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள், ஆபத்து எங்கே என்று தெரிந்துவிடும். ௧, ௯ இரண்டுக்கும் உடம்பு ஒன்றுதான், வால்தான் வேறு. ௪, ௬ இரண்டுக்கும் அப்படியே. மங்கிய அச்சிலோ கறுப்பு வெள்ளை ஸ்கேனிலோ முதலில் போவது வால்தான். அப்புறம் ஒன்பது ஒன்றாகவும் ஆறு நான்காகவும் தெரியும். தவறு பெரும்பாலும் இந்தத் திசையில்தான் நடக்கும், அதாவது உண்மையான எண்ணைவிடக் குறைவாக வாசிப்போம். கூட்டுத்தொகை உங்கள் கணக்கைவிட 8 அதிகமாக அச்சாகியிருந்தால் ஒரு ௯-ஐ ௧ என்று வாசித்திருக்கிறீர்கள், 2 அதிகமாக இருந்தால் ஒரு ௬-ஐ ௪ என்று. பத்தின் இடத்தில் நடந்திருந்தால் 80, 20. பக்கத்தைச் சாம்பல் நிறத்தில், பெரிய அளவில் ஸ்கேன் செய்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். முழுக் கறுப்பு வெள்ளையாக மாற்றிய படத்தை மட்டும் நம்பாதீர்கள்.

பக்கத்தின் தலையில் தனியாக ஓர் உ இருந்தால் அது இரண்டு இல்லை, பிள்ளையார் சுழி. சிரிக்க வேண்டாம், மாற்றிய கோப்புகளில் தலைப்புக்கு மேலே 2 என்று நிற்பதைப் பார்க்கத்தான் செய்கிறோம். அதேபோல ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய். இவை எதுவும் எண் அல்ல. ௸ என்பது மேற்படி, அதாவது மேலே உள்ள கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுவே இங்கும். மாற்றும்போது மேலே உள்ளதைத் திரும்ப எழுதிவிடுங்கள், வெற்றுக் கட்டமாக விட்டால் கூட்டல் கெட்டுவிடும்.

பின்னங்களை முந்திரியில் எண்ணுங்கள்

இப்போது முக்கியமான பகுதி. தமிழ்ப் பின்னங்களில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று பாதி பாதியாகப் போவது: அரை, கால், அரைக்கால் (1/8), வீசம் (1/16), அரை வீசம் (1/32), கால் வீசம் (1/64). இன்னொன்று இருபதில் ஒரு பங்கை வைத்துப் போவது: மா (1/20), இரு மா (1/10), மும்மா (3/20), நாலு மா (1/5), அதற்குக் கீழே அரை மா (1/40), காணி (1/80), முக்காணி (3/80), அரைக்காணி (1/160), முந்திரி (1/320). இரண்டு குடும்பமும் பதினாறில் ஒன்றில் சந்திக்கும். ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தால் 1/20 + 1/80 = 1/16, அதனால்தான் வீசத்துக்கு மாகாணி என்று இன்னொரு பெயர்.

இந்தப் பின்னங்களைத் தசமமாக மாற்றி மாற்றிக் கூட்டுவது வீண் வேலை. எல்லாவற்றையும் முந்திரியில் எண்ணிவிட்டால் எல்லாம் முழு எண்ணாகிவிடும், ஏனென்றால் 320 என்பது 64-ஐ ஐந்தால் பெருக்கியது, இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான அளவு அது. மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்:

முந்திரி 1, அரைக்காணி 2, காணி 4, அரை மா 8, முக்காணி 12, மா 16, மாகாணி அல்லது வீசம் 20, இரு மா 32, அரைக்கால் 40, மும்மா 48, மூன்று வீசம் 60, நாலு மா 64, கால் 80, அரை 160, முக்கால் 240.

ஒரு கட்டத்தில் பல பின்னக் குறிகள் அடுத்தடுத்து வந்தால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும், பெருக்கல் இங்கே கிடையாது. 'முக்காலே மூணு வீசம்' என்று இன்றும் சொல்கிறோமே, அதுவே நல்ல உதாரணம். 240 + 60 = 300 முந்திரி, 320-இல் 300, அதாவது பதினாறில் பதினைந்து. கிட்டத்தட்ட முழுசு.

இன்னொரு விஷயம், இதுதான் குறியைத் தப்பாக வாசித்ததைச் சட்டென்று காட்டிக் கொடுக்கும். குறிகள் எப்போதும் பெரியதிலிருந்து சிறியதாகத்தான் இறங்கும். கால் வந்தபின் மீதி எல்லாம் சேர்ந்தும் 80-க்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் எழுதியவர் அரை என்றே தொடங்கியிருப்பார். கால் கால் என்று இரண்டு வராது. மாவுக்குப் பின்னால் அரைக்கால் வராது. நீங்கள் வாசித்த வரிசையில் முந்திரிக் கணக்கு நடுவில் ஏறினால் இரண்டில் ஒன்று: ஒரு குறியைத் தவறாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள், அல்லது அந்த இடத்தில் ஓர் அளவு முடிந்து அடுத்த சிறிய அளவு தொடங்கியிருக்கிறது.

குறிக்கு மதிப்பு கண்டுபிடிக்கும் வரிசை

உங்கள் கையில் இருப்பது வாய்பாட்டுப் புத்தகம் என்றால் அதிர்ஷ்டசாலி நீங்கள். பக்கத்துக்குப் பக்கம் விடையோடுதான் வந்திருக்கிறது. முதலில் முக்கால் வாய்பாட்டைத் தேடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும்போது விடைகள் முக்கால், ஒன்றரை, இரண்டேகால், மூன்று, மூன்றேமுக்கால், நாலரை, ஐந்தேகால், ஆறு என்று வரும். அதாவது ஒவ்வொரு நாலாவது வரியிலும் பின்னமே இல்லாத முழு எண், அதற்கு நடுவில் மூன்றே மூன்று குறிகள் சுழற்சியில். எந்தப் பக்கம் முக்கால் வாய்பாடு என்று தலைப்பு கிழிந்து போயிருந்தாலும் இந்தச் சுழற்சியை வைத்தே கண்டுபிடிக்கலாம். கால் வாய்பாட்டிலும் நாலு வரிக்கு ஒரு முழு எண் வரும், ஆனால் அங்கே முழு எண் ஒவ்வொன்றாகத்தான் ஏறும். முக்காலில் மூன்று மூன்றாக ஏறும். ஆகவே இந்த ஒரு பக்கத்தில் கால், அரை, முக்கால் மூன்றும் சந்தேகமில்லாமல் கிடைத்துவிடும். கால் பெரும்பாலும் வ போல இருக்கும், அது ஒரு கூடுதல் அடையாளம்.

அடுத்து மா வாய்பாடு. ஒரு மா, இரு மா, மும்மா, நாலு மா என்று முதல் நாலு வரிக்கும் தனித்தனிக் குறி. ஐந்தாவது வரியில் ஏற்கெனவே தெரிந்த கால் வந்து நிற்க வேண்டும், ஏனென்றால் ஐந்து மா என்பது கால். ஆறாவது வரி காலே ஒரு மா, ஏழு காலே இரு மா, எட்டு காலே மும்மா, ஒன்பது காலே நாலு மா, பத்து அரை. முதல் நாலு வரியில் பார்த்த குறிகள் ஆறாவது வரியிலிருந்து காலுக்குப் பின்னால் அதே வரிசையில் திரும்ப வருவதைப் பாருங்கள். ஒவ்வொரு குறியும் இரண்டு தடவை அச்சாகியிருக்கிறது என்று அர்த்தம், ஓரிடத்தில் மை அப்பியிருந்தால் இன்னோரிடத்தில் தெளிவாக இருக்கும்.

மூன்றாவது காணி. ஒரு காணி, பிறகு இரண்டு காணிக்கு அரை மா, மூன்றுக்கு முக்காணி, நாலுக்கு மா. மா ஏற்கெனவே தெரியும் என்பதால் முந்தைய மூன்றும் பிடிபட்டுவிட்டன. ஐந்தாவது வரி மாகாணி. எட்டாவது இரு மா, பத்தாவது அரைக்கால். இந்த வரிசையில் போனால் மா குடும்பத்தில் கடைசியில் மிஞ்சுவது அரைக்காணியும் முந்திரியும்தான். முந்திரி வாய்பாட்டின் இரண்டாவது வரி அரைக்காணி, நாலாவது வரி காணி.

அரைக்கும் பதினாறில் ஒன்றுக்கும் இரண்டிரண்டு உருவங்கள் வழக்கில் இருந்தன. யூனிகோடிலும் இவை தனித்தனியாகவே சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே கண்டுபிடித்ததை எல்லாப் புத்தகத்துக்கும் பொதுவாக வைக்காதீர்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சின்னத் தாளில் குறியின் படத்தை வெட்டி ஒட்டி, பக்கத்தில் முந்திரிக் கணக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்பாடு இல்லாமல் வெறும் கணக்குப் பட்டியல் மட்டும் இருந்தால்

இதுதான் அடிக்கடி நடப்பது. எப்படிப் போவது என்று காட்ட, தஞ்சைப் பகுதி நிலக்கணக்கின் பாணியில் நானே கட்டிய ஒரு சின்னப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். மூன்று நிலம், ஒரு மொத்தம். ஒரு பத்தியில் வேலிக் கணக்கில் பரப்பு, இன்னொரு பத்தியில் கலக் கணக்கில் நெல். தலைப்பில் வேலி ௧க்கு ௪௰ கலம் என்று வீதம். நெல் பத்தியில் இப்படி:

௱௪௰௮ + ஒரு குறி
௫௰௬
௩௰௨ + அதே குறி
மொத்தம் ௨௱௩௰௭

முழு எண்களைக் கூட்டினால் 148 + 56 + 32 = 236. அச்சில் மொத்தம் 237, பின்னமில்லை. ஆக, அந்தத் தெரியாத குறி இரண்டு சேர்ந்தால் ஒன்று. அது அரை. உருவத்தைப் பார்க்காமலே முதல் குறி முடிந்தது.

இப்போது பரப்புப் பத்திக்கு வாருங்கள். வீதம் நாற்பது என்று தெரியும், ஆகவே நெல்லை நாற்பதால் வகுத்தால் ஒவ்வொரு வரியிலும் பரப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். முதல் வரி 148.5 / 40 = 3.7125. அச்சில் ௩, பிறகு அரை, பிறகு தெரியாத இரண்டு குறிகள். பின்னப் பகுதி 0.7125 என்றால் 228 முந்திரி. அரைக்கு 160 போக மீதி 68. இரண்டு குறிகளில், பெரியது முதலில் வர, 68 ஆக வேண்டும் என்றால் 64 + 4, அதாவது நாலு மா, காணி. 60 + 8 என்று மூன்று வீசமும் அரை மாவும், 48 + 20 என்று மும்மாவும் மாகாணியும்கூட 68 ஆகுமே என்று கேட்டால், சரியான கேள்விதான். இங்கே உருவம் உதவிக்கு வரும்: நாலு மா, மூன்று வீசம், மும்மா மூன்றின் குறிகளும் வேறு வேறு, மூன்றில் எதற்கு நெருக்கம் என்று பார்த்தாலே போதும். இருபது குறியில் ஒன்றைத் தேடுவது வேறு, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வேறு.

இரண்டாவது வரி 56 / 40 = 1.4. அச்சில் ௧, அப்புறம் வ போல ஒரு குறி, அதன்பின் இன்னொன்று. 0.4 என்றால் 128 முந்திரி, காலுக்கு 80 போனால் மீதி 48. மும்மா. மூன்றாவது வரி 32.5 / 40 = 0.8125, அதாவது 260 முந்திரி. அச்சில் முழு எண் இல்லை, இரண்டே குறிகள். 240 + 20, முக்காலே மாகாணி.

மொத்தத்தைச் சரிபார்ப்போம். முழு எண் 3 + 1 = 4. முந்திரி 228 + 128 + 260 = 616. 320 போனால் ஒன்று கூடி 5, மீதி 296. மொத்தத்தின் வரியில் ௫, முக்கால், மும்மா, அரை மா என்று இருக்கிறதா? 240 + 48 + 8 = 296. இருக்கிறது. 5.925 × 40 = 237, நெல் மொத்தத்தோடும் ஒத்துப்போகிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கூட்டல் சரியாக வந்துவிட்டதே என்று அதை மட்டும் நம்பாதீர்கள். மேலே உள்ள பட்டியலிலேயே பாருங்கள்: மும்மா என்ற குறி இரண்டாவது வரியிலும் இருக்கிறது, மொத்தத்திலும் இருக்கிறது. அதை நாலு மா என்று தவறாக வாசித்திருந்தால் இரண்டு பக்கமும் 16 முந்திரி ஏறும், கூட்டல் அழகாகப் பொருந்தும், விடை தப்பு. ஒரே குறி வரியிலும் மொத்தத்திலும் சம எண்ணிக்கையில் வந்தால் கூட்டலால் அதைப் பிடிக்கவே முடியாது. நெல் பத்தி பிடித்துக் கொடுத்துவிடும், 1.45 × 40 = 58, ஆனால் அச்சில் 56. அதனால் கூட்டலும் பெருக்கலும் இரண்டுமே பொருந்தினால்தான் ஒரு குறியை உறுதி என்று குறித்துக்கொள்ளுங்கள். வீதமே தப்பாக வாசிக்கப்பட்டிருக்குமோ, ௪௰ இல்லை ௬௰ ஆக இருக்குமோ என்ற சந்தேகத்துக்கும் இதே மருந்து. அறுபதால் வகுத்தால் முதல் வரி 2.475, அச்சில் முழு எண் ௩. ஒத்துவரவில்லை, முடிந்தது.

கணக்கு பொருந்தாமல் போனால் வித்தியாசத்தை முந்திரியில் எடுத்துப் பாருங்கள். 16 வித்தியாசம் என்றால் மா குடும்பத்தில் ஒரு படி தவறு, இரு மாவை மும்மா என்றோ மும்மாவை நாலு மா என்றோ. 4 என்றால் மாவும் மாகாணியும் குழம்பியிருக்கலாம், அல்லது ஒரு காணி விடுபட்டிருக்கலாம். 80 என்றால் அரையா முக்காலா என்று பாருங்கள். எந்தத் திருத்தமும் பொருந்தவில்லை என்றால் அச்சுக் கோத்தவரே தவறியிருக்கலாம், அதுவும் நடப்பதுதான். அப்போது அச்சில் உள்ளதை அப்படியே ஒரு பத்தியில் வைத்து, கணக்குப்படி இருக்க வேண்டியதை அடுத்த பத்தியில் எழுதுங்கள். அச்சைத் திருத்திவிட்டு அடையாளமில்லாமல் விடாதீர்கள்.

கீழ் என்று வந்தால்

பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும் வாய்பாடுகளில் முந்திரியும் போதாமல் போகும். அங்கே கீழ் என்ற அடைமொழியோ அதன் குறியோ வரும். அதற்குப் பின்னால் வரும் பின்னம் ஒன்றின் பங்கு இல்லை, முந்திரியின் பங்கு. கீழரை என்றால் அரை முந்திரி, கீழ்க்கால் என்றால் கால் முந்திரி. மாவை மாவால் பெருக்கினால் 1/400. முந்திரியில் இது 0.8. அதைப் பின்னமாக எழுத வேண்டும் என்றால் முக்காலும் ஒரு மாவும், 0.75 + 0.05. ஆகவே அட்டவணையில் மா மாவுக்குக் கீழ் முக்காலே ஒரு மா என்று இருக்கும். கீழ் குறியைக் கவனிக்காமல் விட்டால் 1/400-க்குப் பதிலாக 4/5 என்று எழுதிவிடுவீர்கள், 320 மடங்கு பிழை. ஒன்றைவிடச் சிறிய இரண்டு எண்களின் பெருக்கல் அவற்றைவிடப் பெரிதாக வந்தால் பக்கத்தில் எங்கோ ஒரு கீழ் ஒளிந்திருக்கிறது, தேடுங்கள்.

மா என்பது எப்போது பின்னம், எப்போது பரப்பு

தஞ்சைக் கணக்கில் ஒரு வேலி இருபது மா, ஒரு மா நூறு குழி. மாவே வேலியின் இருபதில் ஒரு பங்காக இருப்பதால், வேலிப் பத்தியில் பின்னமாக மா என்றாலும் பரப்பாக மா என்றாலும் ஒன்றேதான். மேலே வந்த 3.7125 வேலியை 3 வேலி 14 மா 25 குழி என்று நேராக எழுதிவிடலாம். ஆனால் அதே குறி ரூபாய்ப் பத்தியிலோ கலப் பத்தியிலோ வந்தால் வெறும் 1/20 தான்.

நெல்லில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு கலம் பன்னிரண்டு மரக்கால், ஒரு மரக்கால் எட்டுப் படி. அரைக் கலம் ஆறு மரக்கால், தசமத்தில் 0.5 கலம் என்பதும் சரி. ஆனால் '௩ கலம் ௫ மரக்கால்' என்று இருப்பதை 3.5 என்று எழுதினால் தொலைந்தது. ரூபாயிலும் அப்படியே, 1957-க்கு முந்தைய கணக்கில் பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஓர் அணா. வீசம் ரூபாய் என்றால் ஓர் அணா. ஓர் அளவுக்கு ஒரு பத்தி என்று பிரித்தே வையுங்கள், ஒன்றாகச் சேர்ப்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

தட்டச்சும் கணினியும்

௧-க்குப் பதிலாக க, ௨-க்குப் பதிலாக உ என்று தட்டிவிடுவது எல்லாரும் செய்வது, கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு, க என்பது U+0B95, ௧ என்பது U+0BE7. பின்னக் குறிகள் யூனிகோடில் 2019-இல் வந்த 12.0 பதிப்பில்தான் சேர்ந்தன, U+11FC0 தொடங்கி U+11FD4 வரை, கடைசியில் இருப்பது கீழ் குறி. பல கணினிகளில் இவை வெறும் கட்டமாகத் தெரியும், Noto Sans Tamil Supplement ஃபான்ட் போட்டால் தெரியும். ஆனாலும் வேலை நடக்கும்போது குறியாகத் தட்டுவதைவிட முந்திரி எண்ணாகத் தட்டுவதே வசதி. ஸ்ப்ரெட்ஷீட்டில் A பத்தியில் அச்சில் உள்ளதைப் பெயரால், B-இல் முழு எண், C-இல் முந்திரி எண்ணிக்கை, D-இல் இந்தச் சூத்திரம்:

```
=B2+C2/320
```

முழு எண்கள் நிறைய இருந்தால் கையால் மாற்றாமல் இந்தச் சின்ன பைத்தான் நிரலை வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறை, இடமதிப்பு இரண்டையும் வாசிக்கும்.

```python
def ilakkam(s):
    if all(c.isdecimal() for c in s):
        return int(s)
    total = part = cur = 0
    for c in s:
        if c == "௲":
            total += ((part + cur) or 1) * 1000
            part = cur = 0
        elif c in "௰௱":
            part += (cur or 1) * (10 if c == "௰" else 100)
            cur = 0
        else:
            cur = int(c)
    return total + part + cur
```

`ilakkam("௨௱௩௰௭")` கொடுத்தால் 237, `ilakkam("௲௯௱௨")` கொடுத்தால் 1902. எங்காவது ௧-க்குப் பதில் க தட்டியிருந்தால் `ValueError` என்று நின்றுவிடும், அது நல்லதுதான், பிழையான எண்ணோடு நகர்ந்துவிடாது. ௰௱௲ போன்ற லட்சத்துக்கு மேற்பட்ட அடுக்குகளுக்கு இதை நம்ப வேண்டாம், அவற்றை 110000 என்று தவறாகக் கூட்டிவிடும், அந்த வரிகளை மட்டும் கையால் போட்டுக்கொள்ளுங்கள்.